நான்காம் நம்பர் வீட்டுக்கு ஒரு அரை டிக்கெட்

துருப்பிடித்த கம்பியைப் பிடித்துவிட்டு உள்ளங்கையை முகர்ந்தால் வருமே ஒரு வாசனை, ஈரமும் இரும்பும் யார் யாருடைய வியர்வையோ கலந்த வாசனை, அதுதான் எனக்குப் புதுச்சேரி பேருந்து நிலையத்தின் வாசனை. ஏழு வயதில் நான் பேருந்துக்குள் படிக்கட்டு வழியாகப் போனதைவிட ஜன்னல் வழியாகப் போனதுதான் அதிகம். சாயங்காலக் கூட்டத்தில் "எடம் பிடிக்கிறது" என்று ஒரு வேலை இருந்தது. துண்டு வைத்திருப்பவர்கள் துண்டைப் போடுவார்கள், சாப்பாட்டுப் பை வைத்திருப்பவர்கள் பையைப் போடுவார்கள், என் அம்மா என்னைப் போடுவாள். வண்டி முழுதாக நிற்பதற்குள் என் இரண்டு அக்குளிலும் கைகொடுத்துத் தூக்கி ஜன்னல் கம்பிக்கு மேலாக உள்ளே நுழைத்துவிட்டு, தான் பின்படிக்கட்டுக்கு ஓடி, நெரிசலோடு நெரிசலாக ஏறி வந்து என் பக்கத்தில் உட்காருவாள். நானும் காலை அகட்டி இரண்டு பேர் இடத்தைக் காத்துக்கொண்டிருப்பேன். அந்த வேலையில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

அப்பா காரைக்காலில் வேலையில் இருந்தார், மாதம் ஒருமுறைதான் வருவார். அம்மா நகரத்தில் ஒரு துணிக்கடையில் நின்றாள். நின்றாள் என்று சொல்வதுதான் சரி, அங்கே உட்கார விடமாட்டார்கள். எனக்கு அந்தக் கடைக்கு இரண்டு தெரு தள்ளிப் பள்ளிக்கூடம். காலையில் இருவரும் ஒன்றாக வருவோம், சாயங்காலம் பள்ளி விட்டதும் சிஸ்டர் கண்ணில் படும்படி வாசலில் காத்திருப்பேன், அம்மா வந்து கூட்டிப்போவாள். நான் பிறந்ததிலிருந்து எங்கள் வீடு முத்தியால்பேட்டையில் மணிக்கூண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. ஓட்டு வீடு, நான்காம் நம்பர். நான் எங்கேயாவது தொலைந்துபோய்விடுவேன் என்று அம்மாவுக்கு ஒரு பயம் எப்போதும் உண்டு, அதற்காக என்னை ஒரு பாடம் ஒப்பிக்க வைத்திருந்தாள். ராத்திரி ஜெபம் முடிந்ததும் "ஆமென்" சொன்ன கையோடு அதையும் சொல்லியாக வேண்டும். "என் பேரு மேரி. அம்மா பேரு லூர்து. நாலாம் நம்பர் வீடு, மணிக்கூண்டு பின்னாடி சந்து, முத்தியால்பேட்டை." யார் கேட்டாலும் இதைத்தான் சொல்ல வேண்டும், இதைத் தவிர ஒரு வார்த்தை பேசக் கூடாது என்பது சட்டம். "கண்டவங்க கண்டதும் கேப்பாங்க, நீ வாயத் தொறந்து வேற எதுவும் ஒளறக் கூடாது, புரியுதா?" என்று தினமும் கேட்பாள். புரிந்தது என்று தினமும் தலையாட்டுவேன்.

அந்த வருஷம் வீட்டுக்காரர் ஓட்டைப் பிரித்துவிட்டு மாடி கட்டப்போகிறார் என்று காலி செய்யச் சொன்னார். அரியாங்குப்பம் தாண்டி நோணாங்குப்பத்தில், படகுத்துறைக்குப் போகிற வழியில் ஓர் அறை கிடைத்தது. அங்கே போய் எட்டு நாள் ஆகியிருந்தது. எனக்கு அந்த இடம் பிடிக்கவில்லை. கொசு, உப்புத் தண்ணீர், பழக்கமில்லாத பிள்ளைகள். அம்மாவும் சாமான்களை அடுக்கி முடித்திருக்கவில்லை, புது வீட்டுக்கு ஏற்றபடி என் பாடத்தை மாற்றவும் அவளுக்குத் தோன்றவில்லை. எட்டு ராத்திரியும் நான் புது வீட்டில் படுத்துக்கொண்டு பழைய விலாசத்தைத்தான் ஒப்பித்தேன், அவளும் கண்ணை மூடிக்கொண்டு "ம்" கொட்டினாள்.

ஒன்பதாம் நாள் சாயங்காலம் அம்மாவுக்குக் கடையில் ஏதோ திட்டு. பேருந்து நிலையத்துக்குள் என்னை இழுத்துக்கொண்டு, எதையோ முணுமுணுத்தபடி நடந்தாள். மனம் எங்கேயோ இருக்கும்போது கால் தனக்குத் தெரிந்த வழியில்தானே போகும்? ஏழு வருஷமாக எந்த இடத்தில் நின்று வண்டி ஏறினாளோ அதே இடத்தில் போய் நின்றாள். பச்சை வண்டி வந்தது. வழக்கம்போல அக்குளில் கைகொடுத்தாள், கம்பி வயிற்றில் உரச நான் உள்ளே விழுந்தேன். நிமிர்ந்து காலை அகட்டி உட்கார்ந்தபோதுதான் எனக்கே தெரிந்தது, இது முத்தியால்பேட்டை வண்டி.

இதை இத்தனை வருஷம் யாரிடமும் சொன்னதில்லை, இப்போது சொல்லிவிடுகிறேன். எனக்குத் தெரிந்தது. தெரிந்ததும் சந்தோஷமாக இருந்தது. அம்மாவும் அந்தக் கொசு ஊர் வேண்டாம் என்று முடிவு கட்டிவிட்டாள், பழைய வீட்டுக்கே போகிறோம் என்று நினைத்தேன். அந்த நேரத்தில் இரட்டை விசில் கேட்டது. வண்டி நகர்ந்தது. ஜன்னலுக்கு வெளியே அம்மா கையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள், வாய் அசைந்தது, பக்கத்து வண்டியின் ஹாரனில் என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. ஏறப்போனவள் வண்டியின் பெயர்ப் பலகையைப் பார்த்து, தப்பு வண்டி என்று கண்டுகொண்டாள் என்பது எனக்கு எங்கே தெரியும். முன்படிக்கட்டில் தொற்றிக்கொள்வாள் என்று நினைத்து நான் அவளுக்குக் கை காட்டினேன்.

தனியார் டவுன் பஸ்ஸின் பிழைப்பைத் தெரிந்தவர்களுக்கு அந்த வண்டி ஏன் நிற்கவில்லை என்று சொல்ல வேண்டியதில்லை. முன்னால் போகிற வண்டிக்கும் பின்னால் வருகிற வண்டிக்கும் நடுவில் நாலைந்து நிமிஷம்தான் இடைவெளி. நிலையத்தில் டைம் கீப்பர் கடிகாரத்தைப் பார்த்துக் கை காட்டினால் கிளம்பியாக வேண்டும். ஒரு நிமிஷம் பிந்தினால் பின்னால் இருப்பவன் முன்னேறி, வழியில் நிற்கும் ஜனங்களையெல்லாம் அள்ளிக்கொண்டு போய்விடுவான், அப்புறம் நடுரோட்டில் சண்டை.

அந்த வண்டியின் கண்டக்டரை எல்லோரும் "பாய்" என்றுதான் கூப்பிடுவார்கள். ஒல்லியான ஆள், கழுத்தில் கைக்குட்டை, வாயோரத்தில் விசில், இடது கை விரலிடுக்குகளில் நீளவாக்கில் மடித்த நோட்டுகள், அக்குளில் தோல்பை. எங்கள் முகம் தெரியும், பெயர் தெரியாது. கூட்டத்தில் நீந்தி என்னிடம் வந்து சேர்வதற்குள் மூன்று ஸ்டாப் தாண்டிவிட்டது.

"அம்மா எங்க பாப்பா?"

"பின்னாடி."

அவர் பின்பக்கம் திரும்பி, "இந்தக் கொழந்தையோட அம்மா யாரும்மா, டிக்கெட் எடுங்க" என்று குரல் கொடுத்தார். இன்னொரு தரம் சத்தமாகக் கேட்டார். பின்னால் இருந்த முகங்கள் எல்லாம் திரும்பி என்னைப் பார்த்தபோதுதான் அவற்றில் அம்மா முகம் இல்லை என்பது எனக்கு உறைத்தது.

பாய் குனிந்து, "வூடு எங்கடா கண்ணு?" என்று கேட்டார். கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டுவிட்டார். நான் எழுந்து நின்று, பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதுபோல, பெயரிலிருந்து முத்தியால்பேட்டை வரை ஒரு மூச்சில் சொல்லி முடித்தேன். வண்டியில் இருந்த பெண்கள் உச்சுக் கொட்டினார்கள். "எவ்ளோ அழகா சொல்லுது பாரு, பெத்தவ நல்லா சொல்லிக் குடுத்துருக்கா" என்றாள் ஒருத்தி. பாய் முகம் தெளிந்துவிட்டது. "அட, நம்ம வண்டி போற எடந்தான். அம்மா அடுத்த வண்டியில வந்துடும், நான் வூட்டுலயே கொண்டாந்து வுடுறேன்" என்றார். திக்கித் திணறி எதையோ உளறியிருந்தாலாவது அவர் சந்தேகப்பட்டிருப்பார். அத்தனை தெளிவாகச் சொன்னதுதான் வினையாகப் போயிற்று.

பிறகு அவர் ஒரு அரை டிக்கெட்டைக் கிழித்து என் கையில் கொடுத்தார். "இத பத்திரமா வச்சுக்க. செக்கர் ஏறுனா உன்ன ஒண்ணும் கேக்க மாட்டாரு, என்னத்தான் கேப்பாரு" என்று சிரித்தார். நான் அதை வாங்கிப் பள்ளிப் பையிலிருந்த தகர டப்பாவில் வைத்துக்கொண்டேன். பஸ் டிக்கெட் சேர்ப்பது எனக்குப் பைத்தியம். என்னுடையது, அம்மாவுடையது இரண்டையும் தினமும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ரப்பர் பேண்டு போட்டு வைத்திருப்பேன்.

மணிக்கூண்டில் அவர் என்னை இறக்கிவிடவில்லை. வழியில் இறங்கி வீடு தேட அவருக்கு நேரம் கிடையாது. கடைசி ஸ்டாப் வரை கூட்டிப்போய், வண்டி திரும்புவதற்கு இருக்கும் எட்டு நிமிஷத்தில், டிரைவர் டீ குடிக்கப் போன நேரத்தில், தோல்பையை மாட்டிக்கொண்டபடியே என் கையைப் பிடித்து வேகவேகமாகத் திரும்பி நடந்தார். சந்துக்குள் நுழைந்ததும் நான் அவர் கையை உதறிவிட்டு ஓடினேன்.

வீட்டுக்கு ஓடு இல்லை. நிலைவாசலைப் பிடுங்கியிருந்தார்கள். அடுப்படிச் சுவரில் கரிப்புகை மட்டும் இருந்தது, அதற்கு மேலே வானம் தெரிந்தது. மாதா படம் மாட்டியிருந்த இடம் சதுரமாக வெளுத்துக் கிடந்தது. பக்கத்து வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தவர், "இவங்க காலி பண்ணிக்கினு போய் ஒரு வாரம் ஆவுதே பாய். அரியாங்குப்பம் பக்கம் எங்கியோன்னாங்க, எடம் தெரியாது" என்றார். பாய் அவரிடம், "இவங்கம்மா தேடிக்கினு வந்தா, பாய் பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிக்கினு போயிட்டார்னு சொல்லுங்க" என்று இரண்டு தரம் சொல்லிவிட்டு, என் எதிரில் குந்தினார்.

"வூடு மாத்திட்டீங்களா பாப்பா? இப்ப எந்த ஊரு?"

நோணாங்குப்பம். ஒரே ஒரு வார்த்தை. அதுகூட வேண்டாம், படகு என்று சொல்லியிருந்தால் போதும், அவர் ஊரைக் கண்டுபிடித்திருப்பார். அந்த வார்த்தை எனக்குத் தெரியும், நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் வேறு வார்த்தை பேசக் கூடாது என்பது அம்மாவின் சட்டம், அம்மாவும் பக்கத்தில் இல்லை, சட்டத்தையும் மீறிவிட்டால் எனக்கு என்னதான் மிச்சம்? அது மட்டுமில்லை. சொல்லிவிட்டால் அந்த வீடு நிஜமாகிவிடும், இந்த வீடு இல்லாமல் போய்விடும் என்றும் ஒரு நினைப்பு. கண்ணீர் வழிய வழிய மறுபடியும் ஒப்பித்தேன். "நாலாம் நம்பர் வீடு, மணிக்கூண்டு பின்னாடி சந்து." நான்காம் நம்பர் வீட்டின் குட்டிச்சுவருக்கு முன்னால் நின்றுகொண்டு. ஒரு பெரிய மனுஷரின் முகம் என்ன செய்வதென்று தெரியாமல் வாடிப்போவதை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். டிரைவர் ஹாரனை விடாமல் அடிக்க ஆரம்பித்தார்.

எங்கள் ஊரில் ஒருவழிப் பாதை அதிகம். வண்டி போவது ஒரு தெரு, திரும்பி வருவது வேறு தெரு. அம்மா அடுத்த வண்டியைப் பிடித்து, உட்காரக்கூட மனமில்லாமல் படியிலேயே நின்றபடி முத்தியால்பேட்டைக்கு வந்துகொண்டிருந்த அதே நேரத்தில், நான் அடுத்த தெரு வழியாக அவளைவிட்டுத் தூரம் போய்க்கொண்டிருந்தேன். நடுவில் இருந்தது நாலு வரிசை வீடுகள்தான்.

பாய் என்னை டிரைவருக்குப் பின்சீட்டில் உட்காரவைத்து, மூக்கைத் துடைக்கக் கைக்குட்டை இருக்கிறதா என்றார். நான் பையைத் திறந்தபோது தகர டப்பா கீழே விழுந்து டிக்கெட் கட்டு உருண்டது. எடுத்துக் கொடுக்கக் குனிந்தவர் கொடுக்காமல் அதையே பார்த்தார். அடியில் எல்லாம் பச்சை, அவருடைய வண்டி. மேலே இருபதுக்கு மேல் ரோஸ் நிறம்.

"இது கடலூர் ரோட்டு வண்டியாச்சே" என்றார், தனக்குத்தானே. விசில் கொடுப்பதும் டிக்கெட் கிழிப்பதுமாக இருந்தபடியே நடுநடுவில் வந்து அந்தக் கட்டைப் புரட்டினார். "எல்லாம் ஒரே வெல. அரியாங்குப்பத்துக்கும் இதான், நோணாங்குப்பத்துக்கும் இதான், தவளக்குப்பத்துக்கும் இதான். எங்கன்னு எறக்குறது?" அவர் வாயிலிருந்து நோணாங்குப்பம் என்று வந்ததும் நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதை மட்டும் அவர் கவனிக்கவில்லை.

பேருந்து நிலையத்தில் அந்த ரோஸ் டிக்கெட் வண்டி கிளம்ப நின்றிருந்தது. பாய் என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அதன் கண்டக்டரிடம் ஓடினார். செல்வம் என்று பெயர், சின்ன வயசு. கண்டக்டர்களுக்கு ஒரு வேலை உண்டு, பயணிகள் நாம் கவனிப்பதே இல்லை. ஒவ்வொரு ஸ்டாப் தாண்டும்போதும், டிக்கெட் கட்டிலிருந்து அடுத்துக் கிழிக்கப்போகிற டிக்கெட்டின் எண்ணை ஒரு தாளில் எழுதிக்கொள்வார்கள். அதற்கு ட்ரிப் ஷீட் என்று பெயர். செக்கர் ஏறினால், ஒருவர் கையில் இருக்கும் டிக்கெட்டின் எண்ணை அந்தத் தாளோடு ஒப்பிட்டு, அவர் எந்த இடத்தில் ஏறினார் என்று சொல்லிவிடலாம். தப்புப் பிடிக்கிறதற்காக உண்டான தாள் அது. பாய் என் கட்டின் மேலே இருந்த அன்றைய காலை அரை டிக்கெட்டை உருவி எண்ணைப் படித்தார். செல்வம் காலை ட்ரிப்பின் தாளை விரித்து விரலை ஓட்டினார். அரியாங்குப்பத்துக்கு எழுதிய எண் இதற்குப் பிந்தியது, தவளக்குப்பத்துக்கு எழுதியது முந்தியது. வண்டி காலையில் ஊரை நோக்கி வரும்போது இரண்டுக்கும் நடுவில் ஏறியிருந்தால் அது ஒரே இடம்தான்.

"நோணாங்குப்பம் பாய். அங்க ஏறுனது ரெண்டு மூணு பேருதான். ஆமா, ஒரு பொம்பள, சின்னப் பொண்ணோட."

பாய் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். சட்டம் பேசக் கூடாது என்பதுதான், தலையசைக்கக் கூடாது என்பது இல்லை. இவ்வளவு நேரம் ஏன் அசைக்கவில்லை என்று அவர் கேட்கவில்லை.

அதற்குள் டைம் கீப்பர் கத்த ஆரம்பித்திருந்தார். பச்சை வண்டி புறப்பட வேண்டிய நேரம் தாண்டி மூன்று நிமிஷம், பின்வண்டிக்காரன் ஹாரனை அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். பாய் டைம் கீப்பரிடமும், நிலையத்துப் போலீஸ்காரரிடமும் விஷயத்தைச் சொல்லி, அம்மா வந்தால் நோணாங்குப்பத்துக்கு அனுப்பச் சொன்னார். பிறகு, முன்பு தான் கொடுத்த பச்சை அரை டிக்கெட்டை என்னிடமிருந்து வாங்கி, அதன் பின்பக்கத்தில் பால்பாயிண்ட் பேனாவால் பொடி எழுத்தில் எழுதினார். "மேரி. நோணாங்குப்பம். வீடு காட்டுற வரைக்கும் கைய வுடாத." அதை செல்வத்திடம் காட்டிவிட்டு என் கையில் திணித்தார்.

நான் அவருடைய தோல்பை வாரைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு கையாலும். அவர் ஒவ்வொரு விரலாகப் பிரித்தார், பிரிக்கப் பிரிக்க நான் மறுபடியும் பிடித்தேன்.

"என்னால வர முடியாது பாப்பா. வண்டி என்னுது இல்ல" என்றார். அவர் குரல் கெஞ்சுவதுபோல இருந்தது. ஒரு பெரியவர் ஏழு வயதுப் பெண்ணிடம் அப்படி ஏன் கெஞ்ச வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. இப்போது நானும் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறேன், நன்றாக விளங்குகிறது.

பாயின் சொல்லைச் செல்வம் தட்டவில்லை. நோணாங்குப்பத்தில் வண்டியை நிறுத்தி, ஸ்டாப்புக்கு எதிரே டீக்கடை வைத்திருந்த ஒரு பெண்மணியிடம் என்னை ஒப்படைத்து, அந்தப் பெண்மணி "எங்க வூட்டுப் பக்கத்துல புதுசா வந்தவங்க பொண்ணு" என்று சொன்ன பிறகுதான் விசில் கொடுத்தார். பூட்டிய கதவுக்கு முன்னால் படியில் உட்கார்ந்திருந்தேன். ஒரு மணி நேரத்துக்குமேல் கழித்து அம்மா வந்தாள். ஒரு காலில் செருப்பு இல்லை. முத்தியால்பேட்டைக்குப் போய், இடிந்த வீட்டைப் பார்த்து, பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதைக் கேட்டு, மறுபடி நிலையத்துக்கு வந்து, டைம் கீப்பர் சொல்லி, இங்கே வந்து சேர்ந்திருக்கிறாள். அடிப்பாள் என்று நினைத்தேன். என்னை மடியில் போட்டுக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ஏன்டி, நோணாங்குப்பம்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"நீதான வேற எதுவும் சொல்லக் கூடாதுன்ன."

அம்மா தன் தலையில் தானே அடித்துக்கொண்டு அழுதாள். பழைய வீட்டுக்குப் போக எனக்கும் ஆசையாக இருந்தது என்பதை அப்போதும் நான் சொல்லவில்லை. பழி முழுவதையும் அவள் எடுத்துக்கொண்டாள், நான் எடுத்துக்கொள்ள விட்டுவிட்டேன்.

மறுநாள் அம்மா ஒரு பை நிறைய ஆரஞ்சு வாங்கிக்கொண்டு பச்சை வண்டிக்காகக் காத்திருந்தாள். வேறு ஆள் விசிலோடு இறங்கினார். அதற்கு அடுத்த நாளும் வேறு ஆள். மூன்றாம் நாள்தான் டைம் கீப்பர் எங்கள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். அன்றைக்கு அந்த மூன்று நிமிஷத்தில் வழிநெடுகக் கூட்டம் முழுவதையும் பின்வண்டி அள்ளிக்கொண்டு போய்விட்டதாம், முதலாளி பாயை வேலையைவிட்டு இறக்கிவிட்டாராம். எங்கே போனார் என்று அவருக்கும் தெரியவில்லை. ஆரஞ்சுப் பழங்கள் வீட்டில் வாடிப்போயின. வெகுநாள்வரை ஒவ்வொரு வண்டியாகக் கழுத்தில் கைக்குட்டை கட்டிய ஒல்லியான ஆளைத் தேடினேன். அவர் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. நான் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் வண்டியில் இருந்திருப்பார்.

அந்த அரை டிக்கெட் இன்னும் என்னிடம் இருக்கிறது. பச்சை வெளுத்து மஞ்சளாகிவிட்டது, "கைய வுடாத" என்பது மட்டும் சாய்த்துப் பிடித்தால் தெரியும். இப்போது கண்டக்டர்கள் கையில் ஒரு சின்ன மெஷின் இருக்கிறது, அது துப்புகிற வழுவழுப்பான தாளைப் பையில் போட்டு ஒரு வாரம் கழித்து எடுத்தால் வெறும் வெள்ளைதான். குழந்தைகளை யாரும் ஜன்னல் வழியாகப் போடுவதும் இல்லை.

என் மகளுக்கு இப்போது ஏழு வயது. இலாசுப்பேட்டையில் அடுக்குமாடி வீடு, பள்ளிக்கூட வேன். அவளுக்கு விலாசம் எதுவும் நான் சொல்லிக்கொடுக்கவில்லை, என் செல்போன் எண்ணைத்தான் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும்படி பழக்கியிருக்கிறேன். போன மாதம் சில தொல்லைபிடித்த அழைப்புகளால் எண்ணை மாற்றினேன். வங்கி, அலுவலகம், உறவுக்காரர்கள் என்று எல்லோருக்கும் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து தெரிவித்தேன். நேற்று சாயங்காலம் வேனிலிருந்து இறங்கியவளை, புதிதாக வந்திருந்த வேன்காரர் விளையாட்டாக, "அம்மா நம்பர் தெரியுமா பாப்பா?" என்று கேட்டார். அவள் கையைக் கட்டிக்கொண்டு, நிமிர்ந்து நின்று, பத்து எண்களையும் ஒரு மூச்சில் தடுமாறாமல் சொன்னாள். வேன்காரர், "எவ்ளோ அழகா சொல்லுது" என்றார்.

பழைய எண்.